வரவும், வரவும், வரவும்: குரல் தட்டச்சில் விழும் சுழலைப் படிப்பது

குரல் தட்டச்சில் சில நேரம் ஒரே சொல் திரையில் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். பேசியவர் ஒரு முறைதான் ‘வரவும்’ என்று சொல்லியிருப்பார். திரையிலோ பத்து, இருபது, நாற்பது ‘வரவும்’ அடுக்கி நிற்கும். பெரும்பாலும் இதற்கு முன்னால் நடந்திருப்பது ஒன்றுதான்: பேச்சு முடிந்த பிறகும் மைக் மூடவில்லை. பொத்தான் சிக்கிக்கொண்டது, அல்லது விரலை எடுத்த செய்தி செயலிக்குப் போய்ச் சேரவில்லை. மைக் அறையின் சத்தத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்க, மறுமுனையில் எழுதும் மென்பொருள் சும்மா இருக்காமல் கடைசிச் சொல்லையே திரும்பத் திரும்ப எழுதுகிறது.

இப்படி ஒரு சுழல் வந்தால் எல்லோரும் செய்வது, முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழிப்பது. அங்கேதான் இழப்பு நேர்கிறது. பார்வைக்கு வெறும் குப்பை போல இருந்தாலும், ஒலிக்கும் எழுத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்த இடம் எது, எவ்வளவு நேரம் அறுந்திருந்தது என்பதைச் சுழல் காட்டிக்கொடுக்கிறது. அந்த நேரத்துக்குள் உண்மையான பேச்சு ஏதாவது நடந்திருந்தால், அது சுழலுக்கு அடியில் புதைந்து போயிருக்கும். அழிப்பதற்கு முன் சுழலை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

முதலில் பொத்தான். குரல் தட்டச்சுக்கான மைக் பொத்தான்கள் இரண்டு வகை. ஒரு முறை தட்டினால் திறந்து, மறுமுறை தட்டினால் மூடுவது ஒன்று. அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் திறந்திருப்பது மற்றொன்று. தட்டுவகைப் பொத்தான் கொண்ட செயலிகள் பலவும், பேச்சு நின்று சில நொடி அமைதி நிலவினால் தாமே மைக்கை மூடிவிடும். பிடிவகையில் அப்படி ஒரு காவல் பெரும்பாலும் இருக்காது. பொத்தான் அழுந்தியிருக்கிறது என்றால், பேசுபவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் முடிக்கவில்லை என்றே செயலி எடுத்துக்கொள்ளும். ஆகவே பிடிவகைப் பொத்தான் சிக்கினால்தான் சுழலுக்கு நீண்ட இடம் கிடைக்கிறது.

சிக்குவது எப்போதும் தூசியாலோ வியர்வையாலோ அல்ல. கைபேசித் திரையில் இருக்கும் பொத்தானில் உடைந்து போக எதுவுமே இல்லை, ஆனாலும் அது சிக்கும். விரலைத் தூக்கும்போது `touchend` என்ற செய்தி வர வேண்டும். அந்த நேரம் பார்த்து ஓர் அழைப்பு வந்தாலோ, மேலிருந்து அறிவிப்புத் திரை இறங்கினாலோ, அதற்குப் பதிலாக `touchcancel` என்ற வேறு செய்தி வரும். முதல் செய்தியை மட்டுமே எதிர்பார்க்கும்படி எழுதப்பட்ட செயலி, விரல் இன்னும் திரையில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். கணினியில் இதே கதை விசைப்பலகையில் நடக்கும். ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு பேசும்போது வேறொரு ஜன்னல் முன்னால் வந்துவிட்டால், விசையை விட்டதைச் சொல்லும் `keyup` அந்த ஜன்னலுக்குப் போய்விடும். மைக்கைத் திறந்த செயலிக்கு அது தெரியவே தெரியாது.

பொத்தான் மூடியதுபோலத் தெரிந்தாலும் மைக் திறந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஐஃபோன்களில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், மைக் திறந்திருக்கும்போது திரையின் மேல்பகுதியில் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தெரியும். ஆண்ட்ராய்டில் 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் பச்சை அடையாளம் தெரியும். இவற்றைக் காட்டுவது செயலி அல்ல, கைபேசியின் இயங்குதளம். அதனால் செயலியின் பொத்தான் சொல்வதைவிட இந்தப் புள்ளி சொல்வதையே நம்பலாம்.

மைக் திறந்திருந்தால் அறையின் சத்தம் பதிவாகும், அவ்வளவுதானே, சொல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். அதற்கு எழுதும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. பல குரல் தட்டச்சுச் செயலிகள் அதன் மேல்தான் கட்டப்பட்டுள்ளன. சுழலில் விழுவதும் அதற்கு நன்றாகவே வரும்.

விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. ஒரு பகுதி அந்த 30 நொடியைக் கேட்டு எண்களாக மாற்றி வைக்கிறது. இன்னொரு பகுதி எழுதுகிறது. எழுதும் பகுதி முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. சொல்லின் சிறு துண்டுகளை, அதாவது டோக்கன்களை, ஒவ்வொன்றாக எழுதுகிறது. அடுத்த டோக்கன் எது என்று முடிவு செய்ய இரண்டு பக்கமும் பார்க்கிறது: ஒலியில் என்ன கேட்கிறது, இதுவரை என்ன எழுதியாகிவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கும் வரை ஒலியின் கை ஓங்கியிருக்கும். பேச்சு நின்று மின்விசிறியின் இரைச்சல் மட்டும் இருக்கும்போது ஒலிப்பக்கம் ஒன்றுமே சொல்வதில்லை. டிக்டேஷன் வகுப்பில் ஆசிரியரின் குரல் காதில் விழாத மாணவன், பேனாவை நிறுத்தத் துணியாமல், தான் கடைசியாக எழுதிய சொல்லைப் பார்த்தே மீண்டும் எழுதுவது போன்ற நிலை இது.

அப்போதும் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்துவதற்கென்று ஒரு டோக்கன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சொல் தற்செயலாக இரண்டாம் முறை எழுதப்பட்டுவிட்டால், மூன்றாம் முறை வருவதற்கான வாய்ப்பு கூடிவிடுகிறது. மூன்றாவது வந்துவிட்டால் நான்காவதின் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரி ஹோல்ட்ஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை வரைபடமாகவே காட்டியது. எழுதும் மொழி மாடல் ஒன்றுக்கு ஒரே தொடரைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தொடருக்கு மாடல் தரும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போனது. மனிதர் எழுதியவற்றைப் படித்து மாடல் கற்ற பாடங்களில் ஒன்று, பட்டியலோ பல்லவியோ ஒரு முறை திரும்பினால் மறுமுறையும் திரும்பும் என்பது. ஒலி ஊமையாகிவிட்ட இடத்தில் அந்தப் பாடமே கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதிலிருந்து படிப்பவருக்கு உடனே பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. சில செயலிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நம்பக அளவைக் காட்டும். சுழலில் சிக்கிய சொற்களுக்கு அந்த அளவு மிக உயரமாக இருக்கும், போகப் போக உயரும். ஒலியோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அந்த எண் தனியாகக் காட்டுவதில்லை. முன்னால் எழுதியதோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. நம்பக அளவை வைத்துச் சுழலைச் சலித்து எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவது இங்கேதான்.

இனி ஒரு மாதிரியை எடுத்துப் படிக்கலாம். ஊர்ச் சங்கம் ஒன்றின் செயலாளர் கூட்ட அறிவிப்பைச் சொல்லி எழுதவைக்கிறார். இடையில் யாரோ கூப்பிட, கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார். பொத்தான் சிக்கியிருக்கிறது. திரும்பி வந்து, திரையைப் பார்க்காமலே மீதியைச் சொல்லி முடிக்கிறார். கிடைத்த எழுத்து இது. நடுவில் ஒரே மாதிரி இருக்கும் வரிகள் புள்ளிகளால் குறிக்கப்பட்டுள்ளன.

```
[00:00.000 --> 00:05.000] நாளை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம்.
[00:05.000 --> 00:09.000] உறுப்பினர்கள் அனைவரும் தவறாமல் வரவும்.
[00:09.000 --> 00:11.000] வரவும்.
[00:11.000 --> 00:13.000] வரவும்.
...
[00:57.000 --> 00:59.000] வரவும்.
[00:59.000 --> 01:03.500] தேர்தல் தேதியும் முடிவு செய்யப்படும்.
```

முதலில் பார்க்க வேண்டியது நேரக் குறிகள். மனிதர் ஒரே சொல்லைப் பத்து முறை சொன்னால் ஒரு முறை அரை நொடி எடுக்கும், மறுமுறை முக்கால் நொடி எடுக்கும், நடுவில் மூச்சு வாங்கும். இங்கே 9ஆம் நொடி முதல் 59ஆம் நொடி வரை ஒவ்வொரு வரியும் சரியாக இரண்டு நொடி. நேரக் குறிகளும் டோக்கன்களாகவே எழுதப்படுகின்றன என்பதால், சொல் சுழலும்போது கூடவே இடைவெளியும் சுழன்றுவிடுகிறது. இப்படிச் சீராக வெட்டிய இடைவெளி தெரிந்தால், அந்த வரிகள் காதால் கேட்டு எழுதியவை அல்ல என்று அநேகமாக முடிவு செய்துவிடலாம்.

அடுத்தது, சுழலின் முதல் சொல். ‘தவறாமல் வரவும்’ என்ற வரி வாக்கியமாக நிறைவடைகிறது, அதன் நேர அளவும் பேச்சின் இயல்போடு ஒத்துப்போகிறது. ஆகவே அந்த ‘வரவும்’ உண்மையில் சொல்லப்பட்டது என்று கொள்ளலாம். எல்லாச் சுழலிலும் இவ்வளவு தெளிவு இருக்காது. பேச்சின் கடைசிச் சொல் இரைச்சலில் தேய்ந்து, மாடல் அதைத் தப்பாகக் கேட்டு, அந்தத் தப்பான சொல்லே சுழலத் தொடங்குவதும் உண்டு. சுழலும் சொல் அதற்கு முந்தைய வாக்கியத்தோடு இலக்கணமாக ஒட்டவில்லை என்றால், முதல் முறை வந்ததையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவதாக, சுழலின் நீளம். பேச்சு 9ஆம் நொடியில் நின்றது, மீண்டும் எழுத்து 59ஆம் நொடியில் தொடங்குகிறது. இந்த 50 நொடியும் அமைதியாக இருந்தது என்பதற்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை. மாறாக, கடைசி வரியில் ஒரு தடயம் இருக்கிறது. ‘தேர்தல் தேதியும்’ என்பதில் உள்ள ‘உம்’, அதற்கு முன் வேறொன்று சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று காட்டுகிறது. கூட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டு நேராகத் ‘தேர்தல் தேதியும்’ என்று யாரும் தொடங்குவதில்லை. ஒலிப்பதிவைக் கேட்டால், 54ஆம் நொடியை ஒட்டி ‘வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். அது எழுத்தில் இல்லவே இல்லை. கூட்டத்தின் முக்கியமான வேலையே அறிவிப்பிலிருந்து காணாமல் போய்விட்டது.

உண்மையான பேச்சு வந்த பிறகும் சுழல் ஏன் விடவில்லை? விஸ்பரில் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும்போது, முந்தைய துண்டில் எழுதியது முன்குறிப்பாகக் கொடுக்கப்படுகிறது. பெயர்களின் எழுத்துக்கூட்டலும் வாக்கியத்தின் ஓட்டமும் மாறாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் முந்தைய துண்டு முழுவதும் ‘வரவும்’ என்றிருந்தால், அடுத்த துண்டு தொடங்கும்போதே பத்துச் சுற்றுச் சுழலின் கனத்தோடு தொடங்குகிறது. மாதிரியில் 29ஆம் நொடிக்குப் பிறகு நடந்தது இதுதான். அதோடு திரும்பி வந்தவர் சொன்ன வாக்கியமும் ‘வரவு’ என்றே தொடங்கியது. ஒலியில் கேட்டதும் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததும் ஒன்றுபோல இருந்ததால், மாடலுக்குத் தடம் மாறக் காரணமே கிடைக்கவில்லை. பிறகு ஒரு துண்டு, வேறு மாதிரி ஒலிக்கும் தெளிவான பேச்சோடு தொடங்கியபோதுதான் ஒலி மறுபடி மேல்கையைப் பெற்றது.

சுழலின் வால் நுனியையும் பார்க்க வேண்டும். சில சமயம் கடைசிச் சொல் பாதியில் அறுந்து ‘வரவு�’ என்று ஒரு கேள்விக்குறிக் கட்டத்தோடு நிற்கும். இது தமிழ் எழுத்து கணினிக்குள் இருக்கும் விதத்தால் வருவது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழில் ‘வ’வுக்கும் மூன்று பைட்டு, அதன் மேல் ஏறும் ‘ு’ குறிக்கும் மூன்று பைட்டு, மெய்யின் புள்ளிக்கும் மூன்று பைட்டு. விஸ்பரின் டோக்கன்கள் பைட்டுகளைக் கொண்டு கட்டப்பட்டவை, ஆகவே ஒரு தமிழ் எழுத்தே இரண்டு மூன்று டோக்கன்களாகப் பிரிந்து கிடக்கலாம். ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 224 டோக்கன்தான் எழுதலாம் என்ற வரம்பும் இருக்கிறது. சுழல் தானாக நிற்காமல் அந்த வரம்பில் போய் முட்டினால், எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். மீதிப் பைட்டு இல்லாத எழுத்தைக் காட்ட முடியாமல் திரை அந்தக் கட்டத்தைப் போடுகிறது. அதைப் பார்த்தால், அமைதியை உணர்ந்து மாடல் நிறுத்தவில்லை, இடம் தீர்ந்ததால் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அத்தகைய சுழலின் கடைசி நேரக் குறியை நம்பக் கூடாது.

திரும்ப வரும் சொற்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பொத்தான் சிக்காமலேயே வேறு இரண்டு விதமான அடுக்கும் வரக்கூடும். அவற்றின் உருவமே வேறு. ஒன்று படிக்கட்டு: ‘நாளை நாளை காலை நாளை காலை பத்து நாளை காலை பத்து மணிக்கு’ என்று ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடிக்கொண்டே வரும். நேரடியாக எழுதும் செயலிகள், பேச்சு நடக்கும்போதே தற்காலிக எழுத்தைக் காட்டி, அடுத்த நொடி அதைத் திருத்திய எழுத்தால் மாற்றும். மாற்ற வேண்டியதைச் செயலி பின்னால் ஒட்டிக்கொண்டே போனால் படிக்கட்டு உருவாகும். இதில் மாடல் மேல் பிழையில்லை, பேச்சும் தொலையவில்லை. கடைசிப் படியை மட்டும் வைத்துக்கொண்டால் முழு வாக்கியமும் கையில் இருக்கும்.

மற்றொன்றில், சொல்லாக இல்லாமல் ஒரு நீண்ட பகுதியே அப்படியே திரும்பும். ஒரே ஒலித்துண்டு இரண்டு மூன்று முறை அனுப்பப்பட்டால் இப்படி ஆகும். இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டும் இடங்களில் இது நடக்கிறது. அடையாளம் என்னவென்றால், பகுதியின் தொடக்கமும் முடிவும் வாக்கியத்தோடு பொருந்தாமல் சொல்லின் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

இவற்றைத் தவிர, மனிதரே சொல்லும் அடுக்கும் இருக்கிறது. ‘வா வா’, ‘போ போ போ’ என்பது தமிழின் இயல்பான பேச்சு. அடுக்குத்தொடரில் ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கும் என்று நன்னூல் எல்லை வகுத்திருக்கிறது. திரும்ப வந்த சொல்லை எல்லாம் தானாக நீக்கிவிடும் வடிகட்டிகள் தமிழுக்கு ஆபத்தானவை என்பதற்கு இதுவே போதுமான காரணம். ‘பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு’ என்பதில் ஒரு ‘பார்த்து’ போய்விட்டால் அந்தச் சொற்றொடரின் உயிரே போய்விடும்.

விஸ்பரை உருவாக்கியவர்களுக்குச் சுழல் தெரியாத விஷயம் அல்ல. அதற்கென்று காவல்களை வைத்திருக்கிறார்கள். முதன்மையானது, எழுதிய எழுத்தைக் கணினியின் சுருக்கும் முறையால் சுருக்கிப் பார்ப்பது. திரும்பத் திரும்ப வரும் எழுத்து மிக நன்றாகச் சுருங்கும். பத்து ‘வரவும்.’ ஏறத்தாழ 200 பைட்டு. சுருக்கினால் முப்பது சொச்சம் பைட்டுக்குள் அடங்கிவிடும், அதாவது விகிதம் ஏறத்தாழ 6. இந்த விகிதம் 2.4ஐத் தாண்டினால் எழுதியதைத் தள்ளிவிட்டு, அதே ஒலியை மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. மறுமுறை எழுதும்போது ‘வெப்பநிலை’ எனப்படும் அளவு 0இலிருந்து 0.2, 0.4 என்று 1 வரை படிப்படியாக உயர்த்தப்படும். அது உயர உயர, மிக வாய்ப்புள்ள டோக்கனையே எடுக்காமல் மற்றவற்றையும் குலுக்கல் முறையில் எடுக்கும். அதனால் சுழல் உடையும் வாய்ப்பு உண்டு.

இந்தக் காவலுக்குத் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று பைட்டுத் தமிழ் எழுத்தில் முதல் பைட்டு எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது பைட்டு இரண்டே மதிப்புகளில் ஒன்றாக இருக்கும். மூன்றாவதில்தான் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு வருகிறது. ஆகவே எந்தச் சுழலும் இல்லாத நல்ல தமிழ் உரைநடையே கணிசமாகச் சுருங்கி, ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து நிர்ணயித்த அந்த 2.4 வரம்பை நெருங்கிவிடக்கூடும். வரம்பை அப்படியே வைத்தால், ஒழுங்காக எழுதப்பட்ட துண்டுகூடத் தேவையில்லாமல் தள்ளப்பட்டு, உயர் வெப்பநிலையில் மோசமாக மறுபடி எழுதப்படலாம். வரம்பை உயர்த்தினால், இரண்டு நல்ல வாக்கியத்துக்குப் பின் நாலைந்து முறை மட்டும் சுழலும் குட்டிச் சுழல்கள் தப்பித்துவிடும். தமிழுக்கென்று இந்த அளவைத் தனியாகச் சோதித்து வைப்பது, செயலி செய்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது காவல், பேச்சே இல்லாத துண்டை அடையாளம் கண்டு விட்டுவிடுவது. பேச்சு இல்லை என்பதற்கான வாய்ப்பு 0.6ஐத் தாண்டினால் துண்டு ஒதுக்கப்படும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு: எழுதிய சொற்களின் சராசரி நம்பக அளவு நன்றாக இருந்தால் ஒதுக்கக் கூடாது. மெல்லப் பேசுபவரின் பேச்சு தவறிப்போகக் கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு வைத்த விதி இது. சுழலோ நம்பக அளவை ஏற்றிவிடும் என்று மேலே பார்த்தோம். ஆக, அமைதியில் பிறந்த சுழல், அமைதியைப் பிடிக்க வைத்த காவலையே தாண்டிவிடுகிறது. நேரடியாக எழுதும் செயலிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே துண்டை ஆறு முறை எழுதிப் பார்க்க அவற்றுக்கு நேரம் இருக்காது, அதனால் மறுமுயற்சியைக் குறைத்தோ நீக்கியோ வைப்பதுண்டு.

சுழல் உடைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஒலியில் ஒன்றுமில்லாத இடத்தில் வெப்பநிலையை உயர்த்தினால், திரும்பும் சொல்லுக்குப் பதிலாக யாரும் சொல்லாத சரளமான வாக்கியம் வந்து உட்காரலாம். இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியையும் அதன் எழுத்தையும் கொண்டு பயின்ற மாடல் அது. பார்த்தமைக்கு நன்றி என்பது போன்ற காணொளி முடிவு வாசகங்கள்கூட வெறும் இரைச்சலிலிருந்து கிளம்புவது அதனால்தான். ஆலிசன் கோனெக்கேயும் உடன் ஆய்வாளர்களும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், விஸ்பர் எழுதிய ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டில் ஒலியில் இல்லவே இல்லாத தொடர்களும் வாக்கியங்களும் இருந்தன. அவற்றில் 38 விழுக்காடு, வன்முறையைச் சொல்வது, இல்லாத தொடர்பைக் கற்பிப்பது போன்ற தீங்கு தரும் உள்ளடக்கம் கொண்டவை. மூளைப் பாதிப்பால் பேச்சுத் திறன் குறைந்தவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக நேர்ந்தது. அவர்களின் பேச்சில் நீண்ட இடைவெளிகள் வருவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வாயிலிருந்து சொல் வராத நேரம், திறந்திருக்கும் மைக், இரண்டும் சேரும் இடம்தான் சிக்கிய பொத்தானும் உருவாக்குவது. இந்தக் கோணத்தில் பார்த்தால் இரண்டு பிழைகளில் சுழலே மேல். கண்ணுக்குப் பட்டென்று தெரியும். கற்பனை வாக்கியம் மருத்துவக் குறிப்பிலோ வாக்குமூலத்திலோ யாருக்கும் தெரியாமல் தங்கிவிடும். ஒரு பதிவில் சுழல் இருந்தால், அதே பதிவின் மற்ற அமைதியான இடங்களிலும் இட்டுக்கட்டிய வரிகள் இருக்கின்றனவா என்று தேடுவது அவசியம்.

சுழல் கிடைத்த பிறகு செய்ய வேண்டியது, எழுத்தில் கை வைக்காமல் முதலில் ஒலிப்பதிவைக் காப்பாற்றுவது. பல செயலிகள் எழுதி முடித்ததும் ஒலியை அழித்துவிடும். அப்படியானால் சுழலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதைப் பேசியவரின் நினைவிலிருந்துதான் எடுக்க முடியும், அதுவும் அன்றைக்கே. ஒலி இருந்தால், சுழல் தொடங்கும் இடத்துக்குச் சில நொடி முன்னிருந்து, சுழலுக்குப் பின் வரும் முதல் வாக்கியம் முடியும் வரை முழுவதும் கேட்க வேண்டும். கேட்க நேரமில்லாவிட்டால் ஒலியலையின் வரைபடத்தைத் திரையில் விரித்துப் பார்க்கலாம். மின்விசிறியின் இரைச்சல் ஒரே தடிமனில் பட்டையாக ஓடும், பேச்சு அதற்கு மேல் மேடு பள்ளமாக எழும். சுழலின் நேரத்துக்குள் அப்படி ஒரு மேடு தெரிந்தால், அந்த இடம் மட்டும் கேட்டால் போதும்.

ஒலிக்கோப்பு கையில் இருந்து, கணினியில் விஸ்பரும் இருந்தால், முந்தைய துண்டின் எழுத்தை முன்குறிப்பாகக் கொடுக்காமல் மறுபடி எழுதவைக்கலாம்.

```
whisper kootam.wav --language ta --condition_on_previous_text False
```

இதனால் சுழல் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவாது, அந்த 30 நொடிக்குள்ளேயே அடங்கிவிடும். மாதிரி அறிவிப்பில் தொலைந்த கணக்கு வாக்கியம் இப்படிக் கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். துண்டுகளுக்கு இடையே பெயர்களின் எழுத்துக்கூட்டல் மாறக்கூடும், அதைக் கையால் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இதைவிட நல்ல வழி, பேச்சு இருக்கும் பகுதிகளை மட்டும் முதலில் பிரித்தெடுத்து, அமைதியை மாடலின் கண்ணிலேயே காட்டாமல் விடுவது. அந்த வேலையைச் செய்யும் தனி மென்பொருள்கள் உள்ளன, பல புதிய செயலிகள் அதை உள்ளேயே சேர்த்துக்கொண்டுள்ளன. ஆனால் பக்கத்து அறைத் தொலைக்காட்சி ஒலித்துக்கொண்டிருந்தால் அதுவும் பேச்சுதான். சிக்கிய பொத்தான் வழியாக அந்தப் பேச்சும் எழுத்தில் ஏறிவிடும், அதைப் பிரித்துச் சொல்ல இந்த முறைக்குத் தெரியாது.

மறுபடி அதே பொத்தானைப் பயன்படுத்துமுன் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடுவதும் எளிது. ஒரு சொல் பேசி, பொத்தானை விட்டு, ஆரஞ்சு அல்லது பச்சைப் புள்ளி மறைகிறதா என்று பார்க்க வேண்டும். உடனே மறைந்தால் பொத்தான் சரி. மறையாமல் நின்று, செயலியை முழுவதுமாக மூடினால் மறைகிறது என்றால் பிழை செயலியில். அழைப்போ அறிவிப்போ வரும்போது மட்டும் நிற்கிறது என்றால், விரலைத் தூக்கிய செய்தி தொலைகிறது. அந்தச் செயலியில் பிடிவகையை விட்டுத் தட்டுவகைக்கு மாறிக்கொள்ள வழியிருந்தால் மாறிக்கொள்ளலாம். தனி மைக்கில் உள்ள பொத்தான் என்றால், அதைக் கழற்றிவிட்டுக் கைபேசியின் சொந்த மைக்கில் அதே வாக்கியத்தைச் சொல்லி, கடைசியில் பத்து நொடி பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். அப்போது எழுத்து வாக்கியத்தோடு நின்றுவிட்டால், மாற்ற வேண்டியது அந்தப் பொத்தானைத்தான்.